சேமிப்பிடச் சந்தா புதுப்பிக்காமல் நின்றால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அத்தைக்கு மின்னஞ்சல் வருவது ஒருநாள் நின்றுபோனது. அது அவருக்கே தெரியாது. திருநெல்வேலியிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் அழைத்து, "அக்கா, பேத்தி காதுகுத்துப் பத்திரிகை அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டதே" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை அயோத்தியா மண்டபத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கூகுளில் மாதம் 130 ரூபாய்க்கு 100 ஜிபி வாங்கியிருந்தார். இரண்டு வருடமாக எந்தத் தொல்லையும் இல்லை. இப்போது சந்தா பட்டியலில் அந்தத் திட்டமே காலாவதி என்று காட்டியது.

இந்த மாதிரிச் சிக்கலோடு என்னிடம் வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள். ஆனால் பழுது இருக்கக்கூடிய இடங்கள் இரண்டு. சந்தா என்பது சேமிப்பிடம் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. "மாதாமாதம் இவ்வளவு எடுத்துக்கொள்" என்று நாம் கொடுத்த அனுமதி நம் வங்கியில் இருக்கிறது. அந்த அனுமதியைத்தான் ஆணை என்றும் மேண்டேட் என்றும் ஆட்டோபே என்றும் சொல்கிறோம். ஒன்று உயிரோடு இருக்க, மற்றொன்று செத்துப்போகலாம். எது செத்தது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பார்க்கும் முறை எளிது. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் படத்தைத் தொட்டு, "Payments & subscriptions" என்ற இடத்துக்குள் "Subscriptions" பட்டியலுக்குப் போகவேண்டும். படத்துக்குப் பக்கத்தில் எந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள். ஒரே போனில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் தவறான கணக்கில் தேடிவிட்டு "சந்தாவே காணோம்" என்கிறார்கள். அடுத்து, பணம் கட்டப் பயன்படுத்தும் யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியல். கார்டு கொடுத்திருந்தால் வங்கியின் சொந்தச் செயலியில் கார்டு பகுதிக்குள் நிலையான ஆணைகள் பட்டியல். பல வங்கிகள் கார்டு ஆணைகளை sihub.in என்ற தளத்தில் காட்டுகின்றன. அங்கே வங்கியின் சொந்தப் பக்கத்திலிருந்து போவதுதான் பாதுகாப்பு.

அறிகுறி: நன்றாக ஓடிய சந்தா திடீரென்று நின்றது, கூடவே மின்னஞ்சலும் நின்றது

அத்தைக்கு நடந்தது இதுதான், இதை முழுதாகச் சொல்கிறேன்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அத்தை வைத்திருந்தது 41 ஜிபி. சந்தா போனதும் அவர் எல்லையைத் தாண்டியவர் ஆகிவிட்டார். அந்த நிலையில் புதிய படங்கள் மேலே ஏறாது, மின்னஞ்சல் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஏற்கெனவே இருப்பவை அப்படியே இருக்கும். இது பயந்துபோய் எதையும் அழிக்கவேண்டிய நேரம் இல்லை. இரண்டு வருடம் எல்லைக்கு மேலேயே கிடந்தால்தான் கூகுள் உள்ளடக்கத்தை நீக்கக்கூடும்.

சந்தா ஏன் போனது என்று கேட்டபோது அத்தைக்கு ஒன்றும் நினைவில்லை. "உங்கள் டெபிட் கார்டைக் காட்டுங்கள், அத்தை" என்றேன். பழைய கார்டை நீட்டினார். அதில் 08/25 என்று இருந்தது. ஆகஸ்டோடு காலாவதி. "புதுக் கார்டு வந்ததா?" என்றேன். யோசித்துவிட்டு எழுந்து போய், பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்தார். ஓரம்கூடப் பிரிக்கப்படவில்லை. "பென்ஷன் பணத்தை நான் நேரில் போய்த்தான் எடுக்கிறேன், கார்டு எதற்கு என்று வைத்துவிட்டேன்" என்றார்.

அந்த உறைதான் பதில். கார்டு ஆணை என்பது குறிப்பிட்ட ஒரு கார்டின்மேல் எழுதப்பட்டது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் நம் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்ள முடியாது. எண்ணுக்குப் பதில் ஒரு டோக்கன்தான் வைத்திருக்கிறார்கள். புதுக் கார்டு புது எண்ணோடு வரும்போது, பழைய டோக்கனும் அதன்மேல் நிற்கும் ஆணையும் தானாக மாறிக்கொள்ளும் என்று நம்பி இருக்கமுடியாது. வங்கிக் கணக்கு அதேதான், பணமும் இருக்கிறது, ஆனால் ஆணை போய்விடுகிறது. நிறுவனம் சில நாள் மறுபடி மறுபடி முயன்று பார்த்துவிட்டுத் திட்டத்தை நிறுத்திவிடுகிறது. அதற்கு முன் எச்சரிக்கை அனுப்பியும் இருக்கிறது. அத்தையின் அஞ்சல் பெட்டியில் மூன்று கடிதங்கள், விளம்பரங்கள் போகும் பகுதியில், திறக்கப்படாமல் கிடந்தன.

சரிசெய்யும்போது அவரைக் கார்டிலிருந்து யுபிஐ ஆட்டோபேக்கு மாற்றினேன். கார்டு மாறினாலும் யுபிஐ ஆணை வங்கிக் கணக்கின்மேல் நிற்கும், அதனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை இதே தொல்லை வராது. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு அதுதான் ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. பிளே ஸ்டோரில் அதே கணக்கில் 100 ஜிபி திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் முறையில் யுபிஐயைத் தொட்டோம். அது யுபிஐ செயலிக்குக் கூட்டிப்போனது. ஆணையைப் படித்துப் பார்த்து, யுபிஐ பின் எண்ணைப் போட்டார். 130 ரூபாய் போனது, அடுத்த சில நிமிடங்களில் சேமிப்பிடம் 100 ஜிபி என்று காட்டியது.

திரும்பிப் போன கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பிக்கு வந்த திருப்பு அஞ்சலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இந்த மாதிரித் திருப்பு அஞ்சல்களில் இரண்டு எண்களில் ஒன்று இருக்கும்.

```
452 4.2.2
552 5.2.2
```

4-இல் தொடங்குவது தற்காலிக மறுப்பு. அனுப்பியவரின் சர்வர் சில நாள் வரை திரும்பத் திரும்ப முயலும், அதற்குள் இடம் கிடைத்துவிட்டால் கடிதம் வந்து சேரும். 5-இல் தொடங்குவது முடிந்த கதை. அந்தக் கடிதத்தை மறுபடி அனுப்பச் சொல்லித்தான் ஆகவேண்டும். காதுகுத்துப் பத்திரிகை இரண்டாவது வகை. வங்கி, காப்பீடு, குடியிருப்போர் சங்கம் என்று அந்த நாட்களில் யாரெல்லாம் அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்து ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கினோம். இந்த வேலைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது.

அறிகுறி: புதுக் கார்டைப் போட்ட உடனே மறுக்கிறது

ஓடிபி வருவதற்கு முன்பே மறுத்தால், பெரும்பாலும் கார்டில் இணையப் பயன்பாடு திறக்கப்படவில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். இணையத்தில் பயன்படுத்த நாமே வங்கிச் செயலியிலோ, ஏடிஎம்மிலோ திறந்துவிடவேண்டும். திறக்கும்போது தினசரி வரம்பும் கேட்கும். வீட்டுச் சந்தாவுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும், தாராளமாக வைக்கத் தேவையில்லை.

ஓடிபி வந்து, அதைப் போட்ட பிறகும் மறுத்தால் கதை வேறு. ஒருமுறை பணம் கட்ட அந்தக் கார்டு சரி, ஆனால் மாதாமாத ஆணையை அந்த வங்கி அந்த வகைக் கார்டுக்கு ஏற்கவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். அதே கார்டால் ரயில் டிக்கெட் எடுக்க முடிகிறது, சந்தா மட்டும் முடியவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். ஐந்து முறை முயன்று கார்டையே முடக்கிக்கொள்ளாமல் யுபிஐக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: யுபிஐ என்ற தேர்வே திரையில் வரவில்லை

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர்களுக்கு இது நேர்கிறது. கூகுள் கணக்கோடு சேர்ந்த கட்டண விவரத்தில் நாடு இன்னும் பழைய நாடாகவே இருக்கும். விலையும் ரூபாயில் இல்லாமல் அந்த நாட்டுப் பணத்தில் தெரிந்தால் உறுதி செய்துகொள்ளலாம். பிளே ஸ்டோர் அமைப்புகளில் நாட்டை இந்தியாவாக மாற்றவேண்டும். அதற்கு இந்தியாவில் இருந்துகொண்டு, இந்தியக் கட்டண முறை ஒன்றைச் சேர்க்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள் என்பதால், இரண்டு மாதத்தில் திரும்ப வெளிநாடு போகிறவர்கள் யோசித்துச் செய்வது நல்லது.

ஐபோன்காரர்களுக்கு வேறு செய்தி. ஆப்பிள் நிறுவனம் 2022-இல் இந்தியக் கார்டுகளை ஏற்பதை நிறுத்தியது. ஐகிளவுட் சந்தாவுக்கு ஆப்பிள் கணக்கில் யுபிஐ மூலம் முன்கூட்டியே பணம் போட்டு வைத்தால், மாதாமாதம் அந்த இருப்பிலிருந்து கழித்துக்கொள்ளும். இருப்பு தீர்ந்தால் சந்தா நின்றுவிடும், அவ்வளவுதான் பழுது.

அறிகுறி: 130 ரூபாய் சந்தாவுக்கு ஆணையில் ஆயிரக்கணக்கில் தொகை காட்டுகிறது

அத்தை பின் எண் போடும் முன் விரலை எடுத்துவிட்டார். "இவ்வளவு பணத்தையா எடுக்கப்போகிறான்?" என்று கேட்டார். கேட்டது மிகச் சரி. எல்லோரும் அங்கே நின்று கேட்கவேண்டும்.

தொகைக்கு முன் "வரை" என்ற பொருள் தரும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உச்சவரம்பு. விலை ஏறினாலோ பெரிய திட்டத்துக்கு மாறினாலோ புது ஆணை கேட்காமல் இருப்பதற்காக அப்படி வைக்கிறார்கள். பொதுவான சந்தாக்களுக்கு ஓடிபியும் பின் எண்ணும் இல்லாமல் ஒருமுறை எடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகையை ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் 5,000-இலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தியது. அதனால்தான் பல ஆணைகளில் 15,000 என்ற எண் தெரிகிறது. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணிநேரம் முன்னதாக எவ்வளவு எடுக்கப்போகிறார்கள் என்று நமக்குச் செய்தி வந்தாகவேண்டும். அந்தச் செய்தியில் 130 என்று இருக்கவேண்டும். வேறு எண் இருந்தால், அந்த ஒரு பிடித்தத்தையோ ஆணையையே முழுவதுமாகவோ அங்கிருந்தே நிறுத்த நமக்கு உரிமை உண்டு.

அறிகுறி: தேதி வந்தது, பணம் போகவில்லை

முன்கூட்டிய செய்தி வந்ததா என்று முதலில் தேடுங்கள். வரவில்லை என்றால் ஆணையே இல்லை, அல்லது இடைநிறுத்தப்பட்டிருக்கிறது. யுபிஐ செயலியின் ஆட்டோபே பட்டியலில் இடைநிறுத்தம் என்று இருந்தால் மீண்டும் தொடரச் செய்துவிடலாம். ரத்து என்று இருந்தால் அதற்கு உயிர் கொடுக்க முடியாது, சந்தாப் பக்கத்துக்குப் போய்ப் புதிதாகத்தான் போடவேண்டும்.

செய்தி வந்தும் பணம் போகவில்லை என்றால், அந்த நேரத்தில் கணக்கில் இருப்பு இருந்ததா என்று பாருங்கள். "பத்தரை மணிக்கே பணம் போட்டுவிட்டேனே" என்பார்கள். 2025 ஆகஸ்ட் முதல் யுபிஐ ஆட்டோபே பிடித்தங்கள் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் நடக்கின்றன: காலை 10 மணிக்கு முன், பிற்பகல் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். முதல் முயற்சி தோற்றால் இன்னும் மூன்று முறை வரை முயலலாம். ஆகவே காலையில் தோற்றுப்போனது பிற்பகலில் தானாகவே நிறைவேறலாம். இருப்பைச் சரிசெய்துவிட்டு ஒருநாள் பொறுங்கள். அவசரப்பட்டு வேறு வழியில் கட்டினால் இரண்டு முறை போகும் ஆபத்து உண்டு. ஓய்வூதியம் மாதக் கடைசியில் வந்து, சந்தா இருபத்தெட்டாம் தேதியில் விழுகிறவர்களுக்கு இது மாதாமாதம் நடக்கும். அவர்கள் வருடச் சந்தாவுக்கு மாறிவிட்டால் வருடத்தில் ஒருநாள் மட்டும் கவனித்தால் போதும்.

வாலட் பற்றி இங்கே சொல்லவேண்டும். போனில் பணம் அனுப்பும் எல்லாச் செயலியையும் நாம் வாலட் என்கிறோம். யுபிஐ செயலிக்குள் பணம் இல்லை, அது வங்கிக் கணக்குக்கு ஒரு வாசல். உண்மையான வாலட்டில் நாம் முன்னமே போட்டு வைத்த பணம் இருக்கும். அந்த இருப்பின்மேல் ஆணை கொடுத்திருந்தால், வங்கியில் எவ்வளவு பணம் இருந்தாலும் பயனில்லை. பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி வாலட்டில் 2024 மார்ச் 15-க்குப் பிறகு புதிதாகப் பணம் போட முடியாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த வாலட்டில் பழைய ஆணை வைத்திருந்தவர்களுக்கு இருப்பு தீர்ந்த மாதம் சந்தா நின்றது. வாலட்டில் போட்டால் கணக்கில் கை வைக்கமாட்டார்கள் என்று நினைத்துச் செய்பவர்கள், மாதாமாதம் இருப்பைப் பார்க்கும் வழக்கம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அறிகுறி: பணம் போய்விட்டது, சந்தா புதுப்பிக்கவில்லை

மறுபடி கட்டாதீர்கள். யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்கக் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். கடைக்காரருக்குக் கட்டிய யுபிஐ பணமோ, இணையத்தில் கார்டால் கட்டிய பணமோ அவர்களிடம் உறுதியாகாமல் நின்றால், அந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திரும்பவேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குத் தரவேண்டும். இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஐந்து நாள் கழித்தும் வரவில்லை என்றால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியாக இல்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பணத்தைத் திருப்பி வாங்க நாம் பின் எண் போடவேண்டியதே இல்லை. போடச் சொல்லி யாராவது அழைத்தால் அது திருட்டு.

சந்தாவைச் சுத்தமாக நிறுத்துவது

நிறையப் பேர் யுபிஐ செயலியில் ஆணையை மட்டும் ரத்து செய்துவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் கண்ணுக்கு அது நிறுத்தம் அல்ல, பணம் கட்டத் தவறியது. அதனால் எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். அதே கணக்கில் வேறு கார்டு எதுவும் சேர்ந்திருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து பணம் போகிறது என்ற குழப்பமும் வரும். போனிலிருந்து செயலியை நீக்கினாலும் சந்தா நிற்காது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சரக்கை இறக்குங்கள். 15 ஜிபிக்கு மேல் இருப்பவற்றை takeout.google.com வழியாகக் கணினிக்கோ வெளி டிஸ்க்குக்கோ இறக்கி, ஒன்றிரண்டு தொகுப்பைத் திறந்து பார்த்த பிறகே கணக்கிலிருந்து அழியுங்கள். அழித்தவை குப்பைத் தொட்டியில் இருக்கும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதையும் காலி செய்யவேண்டும். குடும்பத்தில் மற்றவர்களோடு திட்டத்தைப் பகிர்ந்திருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள், அவர்கள் இடமும் சேர்ந்து குறையும்.

பிறகு எந்த வழியில் வாங்கினோமோ அதே வழியில் நிறுத்துங்கள். பிளே ஸ்டோரில் வாங்கியதைச் சந்தாப் பட்டியலில் "Cancel subscription" கொடுத்து. ஐபோனில் ஆப்பிள் வழியாக வாங்கியிருந்தால், அது கூகுள் சேமிப்பிடமாகவே இருந்தாலும், ஆப்பிளின் சந்தாப் பட்டியலில். முன்னறிவிப்பு 24 மணிநேரத்துக்கு முன்பே கிளம்பிவிடும் என்பதால், புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று நாளாவது முன்னதாகச் செய்யுங்கள். நிறுத்திய உடனே இடம் பறிபோகாது, கட்டிய காலம் முடியும்வரை இருக்கும். முடியும் தேதியோடு ஒரு மின்னஞ்சல் வரும், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதம் வந்த பிறகுதான் யுபிஐ செயலிக்குப் போய் ஆணையை ரத்து செய்யவேண்டும். பட்டியலில் அது தானாகவே ரத்து என்று மாறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் அடுத்த மாதம் பணம் போனால், அது வேறு கணக்கில் இருக்கும் இன்னொரு சந்தா. அத்தை வீட்டில் அதையும் கண்டோம். யுபிஐ ஆட்டோபே பட்டியலில் 130 ரூபாய்க்கு இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று அன்று நாங்கள் போட்டது. மற்றொன்று மாமாவின் போனிலிருந்து, அவருடைய முகவரியில், ஒரு வருடத்துக்கு முன் வாங்கியது. பணம் போனது அத்தையின் வங்கிக் கணக்கிலிருந்து. மாமாவின் போனில் 15 ஜிபியில் 6 ஜிபிதான் நிரம்பியிருந்தது. அவரையே உட்கார வைத்து, அவர் கணக்கில் சந்தாவை நிறுத்தி, கடிதம் வந்ததும் அத்தையின் செயலியில் அந்த ஆணையை ரத்து செய்தோம். அடுத்த மாதத் தேதி தாண்டிய பிறகு பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தார்கள். 130 ரூபாய் ஒரே ஒரு முறைதான் போயிருந்தது.